தண்ணீர் நிற்கும் வயலில் நெல் ஏன் கருகுகிறது? உவர் நிலத்தில் வேர் போடும் கணக்கு

சிறுபோகத்தில் ஆனி மாதம் வந்துவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கரையை ஒட்டிய தாழ்ந்த வட்டைகளில் ஒரே முறைப்பாடு கேட்கும். வயலில் தண்ணீர் நிற்கிறது, பசளையும் போட்டாயிற்று, ஆனாலும் இலை நுனி வெளுத்துக் கருகுகிறது. நாலு வரம்பு தள்ளி அதே நெல் பச்சையாக நிற்கிறது. போதாக்குறைக்கு, ‘உப்பைத் தாங்கும் இனம்’ என்று வாங்கி விதைத்தவருடைய வயலும் சில இடங்களில் கருகியிருக்கும். அப்படியானால் விதை பிழையா, தண்ணீர் பிழையா என்ற வாக்குவாதம் தொடங்கும்.

இதற்கு விடை வேருக்குள் இருக்கிறது. நெல் உப்பைச் சகித்துக்கொண்டு வாழும் பயிர் அல்ல. உப்பை வெளியே நிறுத்தி வைத்துத்தான் அது பிழைக்கிறது. உள்ளே வந்துவிட்ட உப்பைச் சமாளிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. எவ்வளவு உப்பு உள்ளே வரும் என்பதை இனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலத்து நீரின் செறிவு, பயிர் குடிக்கும் நீரின் அளவு, வேரின் கசிவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

உப்பு எங்கிருந்து வருகிறது

வாவியும் கடலும் முகத்துவாரத்தில் சந்திக்கின்றன. மாரி வெள்ளத்தில் ஆற்றுவாய் திறந்திருக்கும், அல்லது வெட்டித் திறக்கப்படும். அப்போது மேற்கிலிருந்து வரும் நன்னீர் வாவியை நிரப்பிக் கடலுக்கு ஓடுகிறது. வெள்ளம் வடிந்த பின் கடல்நீர் எதிர்த்திசையில் உள்ளே ஏறுகிறது. அதன்பின் மணல் திட்டு வாயை அடைத்துவிட்டாலும், வாவிக்குள் ஏறிய உப்பு அங்கேயே தங்கி, வெயிலில் நீர் ஆவியாக ஆவியாகச் செறிகிறது. அம்பாறைக் கரையோரக் களப்புகளை அண்டிய தாழ்ந்த வயல்களிலும் இதே கதைதான்.

உப்பு வயலுக்கு இரண்டு வழியாக வருகிறது. வாய்க்கால் வழியே நேராக ஏறும் உவர்நீர் ஒன்று. இது கண்ணுக்குத் தெரியும், பலகை போட்டு மறிக்கவும் முடியும். மற்றது மண்ணுக்குக் கீழே நிற்கும் உவர்நீர். மேல் மண் காயும்போது மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள நுண் இடைவெளிகள் வழியே அது மேலே ஏறும். நீர் ஆவியாகிவிட, உப்பு மேல் மண்ணில் மிஞ்சும். வரம்பு ஓரங்களிலும் மேட்டுத் துண்டுகளிலும் வெள்ளையாக உவர் பூப்பது இதனால்தான். ஒரே வட்டைக்குள் ஒரு துண்டு கருகி இன்னொன்று தப்புவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். நாலு விரற்கடை மேடு கூட நீர் நிற்பதைத் தடுத்துவிடும். நீர் நிற்காத இடத்தில் உப்பு மேலே ஏறத் தொடங்கும்.

மண்ணின் உவர்த்தன்மையை அளக்க, மண்ணை நீரில் குழைத்து வடித்தெடுத்த சாற்றின் மின்கடத்துதிறனைப் பார்க்கிறார்கள். அலகு, மீற்றருக்கு டெசிசீமன்ஸ். இங்கே சுருக்கமாக அலகு என்றே சொல்கிறேன். கடல்நீர் ஏறத்தாழ 50 அலகு. 4 அலகைத் தாண்டிய மண்ணை உவர் மண் என்பது வழக்கம். நெல்லுக்கு அதற்கு முன்பே வலி தொடங்கிவிடுகிறது. பரவலாகப் பயன்படும் கணிப்பின்படி, 3 அலகு வரை விளைச்சல் குறைவதில்லை. அதன்பின் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 வீதம் இழப்பு. அதாவது 6 அலகு மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போய்விடும். தானியப் பயிர்களில் பார்லி இதைவிட மிகவும் திடமானது, நெல் கடைசி வரிசையில் நிற்கிறது.

உப்பு செய்யும் இரண்டு கேடுகள்

கேடு இரண்டு வகை, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வருபவை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது.

1. பிரசாரணக் கேடு. மீனுக்கு உப்பைத் தடவிக் கருவாடு போடும்போது, உப்பு மீனுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உவர் மண்ணில் வேர் இருக்கும் நிலையும் அதேதான். மண் நீரில் உப்புக் கூடினால் வேருக்குள் நீர் போவது கடினமாகிறது. வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் பயிருக்கு அது வரட்சி போலவே இருக்கும். இது உடனே தொடங்கும். உவர்நீர் ஏறிய அன்றே புதிய இலைகளின் வளர்ச்சி மந்தமாகிவிடும். ஆனால் இலை கருகாது.

2. அயன் கேடு. சோடியமும் குளோரைட்டும் நீரோடு சேர்ந்து ஏறி இலைகளில் சேர்கின்றன. சோடியம் கலத்தின் குழியவுருவில் கூடும்போது, பொற்றாசியம் இருக்க வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொண்டு நொதியங்களின் வேலையைக் கெடுக்கிறது. இதற்கு நாட்களோ வாரங்களோ ஆகும். நீரை அதிக காலம் ஆவியாக்கிய இலையில்தான் உப்பும் அதிகம். அதனால் முதலில் கருகுவது முதிர்ந்த இலை, அதிலும் நுனி.

விவசாயி கண்ணால் காண்பது இரண்டாவது கேட்டை. அதைக் காணும்போது முதலாவது கேடு பல நாட்களாக நடந்துகொண்டிருந்திருக்கும்.

ஒரு கிராம் பயிருக்கு எவ்வளவு உப்பு?

இனி ஒரு சிறு கணக்கு. இதைப் போட்டுப் பார்த்தால் வேரின் வேலை எவ்வளவு இறுக்கமானது என்பது தெரியும்.

மண் நீரில் லீற்றருக்கு 3 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது 5 அலகுக்குச் சற்று மேல். சிறுபோகத்து வாவிக்கரை வயலுக்கு இதைப் பெரிய அளவு என்று சொல்ல முடியாது. நெல் ஒரு கிராம் உலர்பொருளை உருவாக்க ஏறத்தாழ 300 கிராம் நீரை உறிஞ்சி ஆவியாக்குகிறது. அந்த நீரில் இருக்கும் உப்பு 0.9 கிராம். வேரில் வடிகட்டியே இல்லையென்றால், ஒரு கிராம் பயிருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு சேரும். எந்தப் பயிரும் இதில் ஒரு வாரம் தாங்காது.

ஆகவே வேர் பெரும்பகுதியை வெளியே நிறுத்துகிறது. 95 வீதத்தை நிறுத்தினால் 45 மில்லிகிராம் உள்ளே வரும். ஒரு கிராம் உலர்பொருளுக்கு இலையில் சுமார் 4 மில்லிலீற்றர் நீர் உண்டு என்று கொண்டால், இலை நீரில் உப்பு லீற்றருக்கு 11 கிராம் ஆகிறது. இது கடல்நீரின் செறிவில் மூன்றில் ஒரு பங்கு. நெல் இலைக்கு இது ஆபத்தான எல்லை. 98 வீதத்தை நிறுத்தினால் உள்ளே வருவது 18 மில்லிகிராம், செறிவு லீற்றருக்கு 4.5 கிராம். இதில் பயிர் வாழும்.

95க்கும் 98க்கும் இடையில் தெரிவது மூன்று வீத வித்தியாசம். ஆனால் உள்ளே வரும் உப்பில் இரண்டரை மடங்கு வித்தியாசம் வருகிறது. தாங்கும் இனம், தாங்காத இனம் என்ற பிரிவு பெரும்பாலும் இந்த இடுக்கில்தான் கிடக்கிறது. மிகவும் நொய்ந்த இனம் கூட உப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுக்கிறது. ஆனால் மிச்சமுள்ள அந்தச் சொற்ப கசிவுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

வேரின் வடிகட்டியும் அதன் ஓட்டைகளும்

நீர் வேர்மயிரிலிருந்து, அதை இலைக்கு ஏற்றும் நடுக்குழாயான காழுக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, கலத்துக்குள் புகுந்து கலத்திலிருந்து கலமாகப் போவது. இதில் மென்சவ்வைத் தாண்ட வேண்டும். நீர் எளிதில் தாண்டும், உப்பு தாண்டுவது கடினம். மற்றது, கலச்சுவர்களின் இடைவெளிகள் வழியே ஒரு கலத்துக்குள்ளும் நுழையாமல் நழுவிப் போவது. இந்தப் பாதையில் நீரோடு உப்பும் அப்படியே போகும்.

இரண்டாவது பாதையை மறிக்கத்தான் வேரின் உள்வட்டமான அகத்தோலில் கஸ்பாரியின் கீலம் இருக்கிறது. கலச்சுவரில் படிந்த, நீர் ஊடுருவாத ஒரு பட்டி அது. வேரின் வெளிப்புறத்திலும் இதுபோன்ற ஓர் அடுக்கு உண்டு. இந்தப் பட்டிகள் முழுமையாக இருந்தால் உப்புக்கு வழியே இல்லை. ஆனால் நெல்லில் அவை முழுமையாக இல்லை. பக்க வேர்களில் வெளிப்புற அடுக்கு சரியாக அமைவதில்லை. ஒரு பக்க வேர் முளைத்து வெளியே வரும்போது தாய்வேரின் மறிப்பைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அந்தக் கிழிசல்கள் வழியே மண் நீர் நேராகக் காழை அடைகிறது. கலங்களுக்குள் புக முடியாத சாயத்தை நீரில் கலந்து, அது இலைக்கு வந்து சேரும் அளவை அளந்து 1980களிலேயே இதைக் கண்டார்கள். இப்படி நழுவி வரும் நீர், பயிர் குடிக்கும் மொத்த நீரில் சில வீதம் மட்டுமே. ஆனால் மேலே போட்ட கணக்கில் அந்தச் சில வீதம்தான் எல்லாமே.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் நேராகப் பின்தொடர்கின்றன.

முதலாவது சிலிக்கன். நெல் மண்ணிலிருந்து சிலிக்கனை நிறைய எடுக்கும். அது வேரின் மறிப்பு அடுக்குகளில் படிந்து கசிவைக் குறைக்கிறது என்று பரிசோதனைகள் காட்டுகின்றன. வைக்கோலில் சிலிக்கன் மிகுதி. வைக்கோலை எரித்தாலும் சாம்பலில் சிலிக்கன் எஞ்சும். ஆனால் வைக்கோலை வெளியே விற்றுவிட்டால் அது வயலை விட்டே போய்விடுகிறது. சூடு மிதித்த இடத்திலேயே வைக்கோலைக் குவித்து எரிக்கும் பழக்கத்தில், வயலின் ஒரு மூலைக்கு மட்டும் அது கிடைக்கிறது. பரப்பிவிடுவது நல்லது.

இரண்டாவது கச்சான் காற்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் அந்த வரண்ட, சூடான காற்றில் இலையின் நீரிழப்பு கூடுகிறது. ஒரு கிராம் உலர்பொருளுக்கு 300 கிராமாக இருந்த நீர்ச்செலவு 400 ஆகிவிட்டால், கசிவு அதே 5 வீதமாக இருந்தாலும் இலை நீரின் உப்பு லீற்றருக்கு 11 கிராமிலிருந்து 15 ஆகும். அதே கச்சானில் மேட்டுத்துண்டு காய்ந்து மண் நீரின் செறிவும் இரட்டித்தால் 30ஐத் தொடும், அதாவது ஏறத்தாழக் கடல்நீர். அதே விதை, அதே பசளை, அதே வரம்புக்குள். மாரியில் இதே வயல் ஈரக்காற்றிலும் மழையிலும் நிற்கும்போது இந்தக் கணக்கு முழுக்கக் கீழே இறங்கிவிடுகிறது. ‘போன மாரி இந்த விதை நன்றாக வந்ததே’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

காழில் ஏறிவிட்ட உப்பைத் திருப்பி எடுத்தல்

வேரில் தவறிய உப்பு காழுக்குள் போய்விட்ட பிறகும் பயிர் கைவிடுவதில்லை. காழைச் சுற்றி நிற்கும் கலங்களின் மென்சவ்வில் சோடியத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடத்தும் ஒரு புரதம் உண்டு. காழ்ச்சாறு மேலே ஏறும்போது அது சோடியத்தைப் பிடித்து வேர்க்கலங்களுக்குள் திருப்பி இழுக்கிறது. இதை எச்.கே.ரி. 1;5 என்பார்கள். வங்கத்தின் உவர்க்கரைகளில் வளர்ந்த நோனா பொக்ரா என்ற பாரம்பரிய நெல்லில் இதன் திறமான வடிவம் இருப்பது 2005இல் வெளியானது. கேரளக் கரையோரத்தின் பொக்காளி நெல்லில், உப்பைத் தாங்கும் இயல்பைத் தரும் முக்கியமான பரம்பரைப் பகுதியும் முதலாம் நிறமூர்த்தத்தில் இதே இடத்தை அண்டியே இருக்கிறது.

இந்தப் புரதம் சோடியத்தைக் குறைப்பதோடு காழில் பொற்றாசியத்தின் பங்கையும் உயர்த்துகிறது. அதனால்தான் ஓர் இனத்தைப் பரிசோதிப்பவர்கள் சோடியத்தை மட்டும் அளக்காமல், இலையில் சோடியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். விகிதம் தாழ்ந்திருந்தால் பயிர் பிழைக்கும். விகிதம் உயர்ந்துவிட்டால், இலையில் எவ்வளவு பச்சை தெரிந்தாலும் அது அதிக நாள் நிற்காது.

அதையும் தாண்டி மேலே போன உப்பு இலைமடலில், அதாவது தண்டைச் சுற்றியுள்ள இலையின் உறைப் பகுதியில் தேக்கப்படுகிறது. மடலின் கலங்களில் உணவு ஆக்கும் வேலை குறைவு. அங்கே உப்பு கிடந்தால் இழப்பும் குறைவு. கடைசியாக எஞ்சியது முதிர்ந்த இலைகளுக்குப் போகிறது. புதிய இலையும் கொடியிலையும் கடைசி வரை சுத்தமாக வைத்திருக்கப்படுகின்றன. அடியில் இரண்டு மூன்று இலை கருகியிருக்க நுனிக்குருத்து பச்சையாக இருப்பது, பயிரின் தற்காப்பு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். பயப்பட வேண்டியது கருகல் கொடியிலையை எட்டும்போதுதான்.

உள்ளே நீரைப் பிடித்து வைத்தல்

உப்பை வெளியே நிறுத்தினால் மட்டும் போதாது. வெளியே நின்ற உப்பு இன்னும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. லீற்றருக்கு 3 கிராம் உப்புள்ள நீர் சுமார் இரண்டரை வளியமுக்கத்துக்குச் சமமான பிரசாரண இழுவையைக் கொடுக்கிறது. நெல் இலையின் கலச்சாற்றில் இயல்பாகவே 10 வளியமுக்கம் அளவில் இழுவை இருக்கும். வெளியே கூடிய இரண்டரையை ஈடுசெய்ய, கலம் தன் கரைபொருட்களைக் கிட்டத்தட்ட கால்பங்கு கூட்ட வேண்டும். இதுதான் பிரசாரணச் சீராக்கம்.

எதைக் கொண்டு கூட்டுவது? சீனி வகையைக் கொண்டு மட்டும் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். லீற்றருக்குச் சுமார் 34 கிராம் சுக்குரோசு தேவைப்படும். அதாவது பயிர் செய்த உலர்பொருளில் ஏழில் ஒரு பங்கு, கதிருக்குப் போக வேண்டியது, இலையில் நீரைப் பிடித்து வைக்கவே கிடக்க வேண்டும். சக்திச் செலவும் அதிகம். ஒரு சோடிய அயனைக் கடத்தி ஒதுக்க, கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. மூலக்கூறு மூன்று நான்கு போதும். புரோலின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு மூலக்கூறை உருவாக்கச் சுமார் 40 தேவை, சுக்குரோசுக்கு 50க்கும் மேல்.

இதனால் கலம் ஒரு சமரசம் செய்கிறது. உள்ளே வந்த சோடியத்தையும் குளோரைட்டையும் கலத்தின் நடுவிலுள்ள புன்வெற்றிடத்துக்குள் தள்ளிப் பூட்டுகிறது. அங்கே அவை நொதியங்களைத் தொடாமல், நீரைப் பிடிக்கும் வேலையை மலிவாகச் செய்கின்றன. குழியவுருவுக்குள் மட்டும் பொற்றாசியம், சீனி, புரோலின் போன்ற தீங்கற்றவை கூடி மறுபக்கத்தைச் சமப்படுத்துகின்றன.

இந்த ஏற்பாட்டில்தான் நெல்லின் பலவீனமும் தெரிகிறது. நெல் இலையின் நடுவிழையக் கலங்களில் பாதிக்கு மேற்பட்ட கனவளவைப் பச்சையவுருமணிகளே பிடித்துக்கொள்கின்றன. புன்வெற்றிடத்துக்குக் கிடைப்பது சிறு இடம். களப்போரத்து உவர்ச்செடிகளைப் போல உப்பை ஏற்றி இலையைத் தடிக்க வைக்க அதனால் முடியாது. அறை சீக்கிரம் நிரம்பிவிடும், அதன்பின் வரும் சோடியம் குழியவுருவில்தான் தங்கும். இன்னொரு குறையும் உண்டு. பல தாவரங்கள் உவர்த்தாக்கத்தில் கிளைசீன் பீற்றெயின் என்ற காவற்பொருளைச் சேர்த்துக்கொள்கின்றன. நெல் அதைச் சேர்ப்பதில்லை. புரோலின் நிச்சயம் கூடுகிறது. ஆனால் அது கூடியதை வைத்து ஓர் இனம் தாங்கும் என்று முடிவுசெய்ய முடியாது. நொய்ந்த இனங்களில் அது இன்னும் அதிகமாகக் கூடுவதும் உண்டு. என் பார்வையில், அது பல சமயம் தற்காப்பின் அளவைவிட அடிபட்ட அளவையே காட்டுகிறது.

பொக்காளி போன்ற உயரமான இனங்களுக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. அவை வேகமாக வளர்ந்து பெரிதாகின்றன. உள்ளே வந்த உப்பு கூடுதலான இலையில் பரவி ஐதாகிறது. குட்டை இனங்களைத் தெரிவு செய்தபோது சாயாத தண்டு கிடைத்தது, இந்த வசதி போனது.

எந்தப் பருவத்தில் அடி விழுகிறது

முளைக்கும் விதை உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்து நாற்று தாங்காது. மட்டம் வெடிக்கும் காலத்தில் பயிர் மறுபடி திடமாகும். குடலைப் பருவத்திலும் பூக்கும்போதும் மீண்டும் நொய்ந்துவிடும். பூம்பொடி உருவாகும் அந்த நாட்களில் உப்பு கதிரை எட்டினால், இலை பச்சையாக இருந்தாலும் நெல் பதராகும்.

கிழக்கில் பெரும்பாலும் வீச்சு விதைப்பு. ஆகவே நொய்ந்த நாற்றுப் பருவத்தை நாற்றுமேடையில் பாதுகாக்க வழியில்லை, அது வயலிலேயே கழிகிறது. பெரும்போகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பருவத்தைக் காப்பாற்றிவிடும். சிறுபோகத்தில் சித்திரை நடுவில் மூன்றரை மாத நெல்லை விதைத்தால், ஆனிக் கடைசியில் பூ வரும். வாவியின் உவர் ஏறிக்கொண்டிருக்கும் நேரமும் கச்சான் உச்சத்தில் நிற்கும் நேரமும் அதுவே. இருபது நாள் முந்தி விதைக்க முடிந்தவருக்கு அந்த இருபது நாள், இனத்தை மாற்றுவதை விடப் பெரிய உதவியாக இருக்கக்கூடும். வாய்க்கால் தண்ணீர் எப்போது விடப்படும் என்பது விவசாயியின் கையில் இல்லை என்பதும் உண்மைதான்.

இது உப்புத்தானா என்று எப்படிச் சொல்வது

1. இலையைப் பாருங்கள். உப்பில் முதிர்ந்த இலையின் நுனி வெளுத்து, சுருண்டு, கருகல் கீழ்நோக்கி வரும். வயலில் திட்டுத் திட்டாகத் தெரியும், மேட்டுத்துண்டு முந்தும். இரும்பு நச்சிலும் கீழ் இலைதான் முதலில் கெடும். ஆனால் அங்கே நுனியிலிருந்து சிறு கபிலப் புள்ளிகள் பரவும், அதுவும் ஊற்றுநீர் கசியும் பள்ளங்களில். பொற்றாசியக் குறைபாட்டில் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் காயும். உவர் வயலில் இந்தக் குறைபாடும் உப்போடு சேர்ந்தே வரலாம் என்பதால் இலையை மட்டும் நம்ப வேண்டாம்.

2. அளந்து பாருங்கள். வயலில் நிற்கும் நீரை மட்டும் அளந்து நிம்மதியடைவது வழக்கமான பிழை. மழை பெய்த மறுநாள் மேல்நீர் 1 அலகு காட்டும், வேர் நிற்கும் மண் 6இல் இருக்கும். வெள்ளையாகப் பூத்த மேற்பொருக்கை மட்டும் சுரண்டி எடுப்பது மறுபக்கப் பிழை, அது பயமுறுத்தும் எண்ணைத் தரும். வேர் ஆழத்தில், ஒரு சாண் வரை, கருகிய துண்டிலும் நல்ல துண்டிலும் தனித்தனியே மண் எடுத்து விவசாயப் போதனாசிரியர் மூலம் சோதனைக்கு அனுப்புவதே சரி. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம், ஒற்றை எண்ணைவிட அதிகம் சொல்லும்.

3. கதிரைப் பிரித்துப் பாருங்கள். இலை அதிகம் கருகாமல் பதர் மட்டும் கூடியிருந்தால், அடி பூக்கும் காலத்தில் விழுந்தது. அப்படியென்றால் அந்த இரண்டு வாரத்துத் தண்ணீரைத்தான் அடுத்த போகத்தில் கவனிக்க வேண்டும்.

இனத்தால் முடிவதும் முடியாததும்

இலங்கையில் உவருக்கென்று பெயர்பெற்ற ஏ.ரி. 354 அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இனம். அதன் பெற்றோரில் ஒன்று பொக்காளி. மூன்றரை மாதப் பயிர். மேலே சொன்ன கணக்கின் மொழியில் சொன்னால், இத்தகைய இனத்திடமிருந்து நாம் எதிர்பார்ப்பது கசிவை 5 வீதத்திலிருந்து 2, 3 வீதத்துக்குக் கொண்டுவருவதுதான். மண் நீர் லீற்றருக்கு 3 கிராமாக இருக்கும் வரை அது பெரிய இலாபம். அதே மண் காய்ந்து 8, 9 கிராமானால் அந்த இலாபம் முழுவதும் கரைந்துபோகும். அந்த இடத்தில் தாங்கும் இனமும் நொய்ந்த இனமும் ஒரே நிறத்தில் நிற்கும். விதை ஏமாற்றிவிட்டது என்று தோன்றுவது அப்போதுதான்.

ஆகவே இனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மண் நீரின் செறிவு. உழுவதற்கு முன் நன்னீரைக் கட்டி, ஓரிரு நாள் நிறுத்தி, கலக்கி, வடித்துவிட்டு மறுபடி கட்டுவதுதான் உப்பைக் குறைக்கும் ஒரே நேரடி வழி. இதில் வடிப்பது கட்டுவதைவிட முக்கியம். வடிச்சல் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் உப்பு வயலை விட்டுப் போகாது, கீழே இறங்கிவிட்டுக் கச்சானில் மேலே வரும். 2004 மார்கழியில் கடல் புகுந்த வயல்களுக்கும் இதே விதிதான்: மழைநீரும் அது ஓடிப்போக வழியும் இருந்த இடத்தில் உப்பு முதலில் கழுவப்படும்.

மட்டம் வெடித்த பின் வயலைக் காயவிட்டுக் கட்டும் நீர்ச்சிக்கன முறை நல்ல மண்ணில் பயன் தரும். உவர்த்துண்டில் அது வேண்டாம். குடலை தொடங்கிப் பால் பிடிக்கும் வரை மேலே நாலு விரற்கடை நன்னீர் நிற்க வேண்டும், கீழிருந்து ஏறும் உப்பை அது அமுக்கி வைக்கும். மேட்டுத்துண்டுகளை வெட்டி மட்டப்படுத்துவதும் இதற்காகவே. பொற்றாசியப் பசளையைப் பிரித்து, ஒரு பங்கைக் குடலைக்கு முன் போடுவது சோடிய விகிதத்துக்கு உதவலாம். ஆனால் 6 அலகு மண்ணை அது 3 ஆக்காது.

வாய்க்காலில் வரும் நீரே உவரானால் மேற்சொன்ன எதுவும் பலிக்காது. அந்த நீரைக் கட்டக் கட்ட வயலில் உப்பு கூடும். வாவியோடு இணைந்த வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவர்கள் ஆனி, ஆடியில் ஒவ்வொரு முறை நீர் கட்டும் முன்னும் அதை அளந்து பார்ப்பது அவசியம். 2 அலகைத் தாண்டினால் மதகை அடைத்துவிட்டு, வயலில் ஏற்கெனவே நிற்கும் நீரைக் காப்பாற்றுவதே மேல். அங்கே ஆண்டுதோறும் இந்த அளவு தாண்டுமானால் அந்தத் துண்டில் மாரிப் போகத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.